"24 x 4 x 75g" என்றால் மொத்தம் எத்தனை கிராம்? மளிகைப் பட்டியலிலிருந்து எடையைப் பெருக்கி எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சப்ளையர் அனுப்பும் விலைப்பட்டியலில் பெயர், எண்ணிக்கை, எடை எல்லாம் ஒரே கட்டத்தில் இருக்கின்றன. "Lux 4 x 125g" மாதிரி. ஆயிரக்கணக்கான வரிகள். எங்கே தொடங்குவது?

பெருக்கலை மறந்துவிட்டு, பிரிப்பதில் தொடங்குங்கள். நாலு நூற்றிருபத்தைந்து ஐந்நூறு என்பதை யாரும் தவறாகச் சொல்லப் போவதில்லை. அந்த நான்கு என்பது சோப்பின் எண்ணிக்கைதானா, 125 என்பது ஒரு சோப்பின் எடையா அல்லது கட்டு முழுவதின் எடையா, பக்கத்தில் இருப்பது g தானா kg தானா என்பதில்தான் பட்டியல்கள் கெட்டுப்போகின்றன. ஆகவே மொத்தத்தை ஒரே சூத்திரத்தில் வரவழைக்க வேண்டாம். எண்ணிக்கைக்கு ஒரு நெடுவரிசை, ஓர் உருப்படியின் எடைக்கு ஒன்று, அலகுக்கு ஒன்று எனத் தனித்தனியாக வைத்து, கடைசியில் பெருக்குங்கள். விடை விசித்திரமாக இருந்தால் எந்த எண் தவறாக வந்தது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

மூலக் கட்டத்தில் கை வைக்காதீர்கள். சப்ளையர் எழுதியது A நெடுவரிசையில் அப்படியே இருக்கட்டும்.

FIND("x", A2) வைத்து x எங்கே இருக்கிறது என்று தேடி, இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் வெட்டினேன். பாதி வரிகளில் #VALUE! வருகிறது.

உங்கள் முதல் எடுத்துக்காட்டிலேயே விடை இருக்கிறது. FIND இடமிருந்து தேடி, முதலில் கண்ட x உடன் நின்றுவிடும். Lux என்ற பெயரின் கடைசி எழுத்தே x. இடது பக்கம் "Lu" கிடைக்கும். அதை எதனோடும் பெருக்க முடியாது. mix, wax, box என்று வரும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். FIND பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகப் பார்ப்பதால் "4 X 125G" என்று எழுதிய வரியும் தவறும்.

தேட வேண்டியது x என்ற எழுத்தை அல்ல, "எண், x, எண், அலகு" என்ற வரிசையை. கூகுள் ஷீட்ஸில் இதற்கு REGEXEXTRACT இருக்கிறது:

```
=REGEXEXTRACT(A2,"(?i)(\d+)\s*[x×*]\s*(\d+(?:\.\d+)?)\s*(kgs?|grams?|gms?|g)\b")
```

அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு கட்டத்தில் விழும். `?:` என்று தொடங்கும் அடைப்புக்குறி மட்டும் விதிவிலக்கு. "Lux 4 x 125g" என்ற வரிக்கு அடுத்தடுத்த மூன்று கட்டங்களில் 4, 125, g என்று வரும். Lux இன் x க்கு முன்னால் எண் இல்லாததால் அது கண்டுகொள்ளப்படுவதே இல்லை. `\d+` என்பது ஒன்றோ பலவோ இலக்கங்கள். `\s*` என்பது இடைவெளி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. `(?:\.\d+)?` என்பது 1.5 போன்ற தசமங்களுக்காக. முன்னால் நிற்கும் `(?i)` பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை நீக்குகிறது. கடைசி `\b` சொல் அங்கே முடிந்தாக வேண்டும் என்கிறது. அது இல்லாவிட்டால் "6 x 2 glass" என்ற தம்ளர் செட்டையும் பன்னிரண்டு கிராம் என்று எடுத்துக்கொள்ளும்.

அலகைக் கட்டாயமாக்கியிருப்பதில் இன்னொரு பயன்: "30 x 40 cm" என்று அளவு போட்ட பைகள் எடையாக மாறாது. எண் வரிசை பொருந்தாத இடத்தில் சூத்திரம் பிழை காட்டும். அது நல்லது. தெரியாத வரிக்கு ஏதோ ஓர் எண் வருவதைவிடப் பிழையே மேல்.

இப்படி எடுத்த எண்கள் பார்வைக்கு எண்ணாக இருந்தாலும் உள்ளே அவை எழுத்துச் சரங்கள்தாம். `=B2*C2` என்று பெருக்கினால் ஷீட்ஸ் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும். ஆனால் B நெடுவரிசை முழுவதையும் SUM போட்டால் 0 வரும். கூட்ட வேண்டியிருந்தால் VALUE ஐப் பயன்படுத்துங்கள்.

தனிப் பாக்கெட்டுகளுக்குச் சரியாக வருகிறது. பெட்டிக் கணக்கில் வரும் பொருள்களுக்கு மட்டும் எடை மிகக் குறைவாகக் காட்டுகிறது. பிழைச் செய்தியும் இல்லை.

"24 x 4 x 75g" போன்ற வரிகளாக இருக்கும். பெட்டிக்கு 24 கட்டு, கட்டுக்கு 4 சோப்பு, சோப்பு 75 கிராம். மேலே உள்ள சூத்திரம் 24 இல் தொடங்கிப் பார்க்கிறது: 24 x 4, அடுத்து அலகு இல்லை, ஆகவே பொருந்தவில்லை. பிறகு நகர்ந்து "4 x 75g" என்ற இடத்தில் அழகாகப் பொருந்திக்கொள்கிறது. விடை 300 கிராம். உண்மையில் 7,200 கிராம். பிழை காட்டும் சூத்திரத்தை மன்னித்துவிடலாம். இப்படிச் சத்தமில்லாமல் 24 ஐ விழுங்குவதுதான் ஆபத்து.

முதல் எண் இருந்தால் எடு, இல்லாவிட்டால் விட்டுவிடு என்று ஒரு பகுதியை முன்னால் சேர்க்க வேண்டும்:

```
=IFERROR(REGEXEXTRACT(A2,"(?i)(?:(\d+)\s*[x×*]\s*)?(\d+)\s*[nu]?\s*[x×*]\s*(\d+(?:\.\d+)?)\s*(kgs?|grams?|gms?|g)\b"),"")
```

இதை B2 இல் போட்டால், B பெட்டிக்கான எண்ணிக்கை, C கட்டுக்குள் இருக்கும் எண்ணிக்கை, D ஓர் உருப்படியின் எடை, E அலகு. இரண்டே எண்கள் உள்ள வரியில் B காலியாக இருக்கும். நடுவில் உள்ள `[nu]?` எதற்கு என்றால், இந்தியப் பொட்டல விதிகளில் எண்ணிக்கையைக் குறிக்க N அல்லது U என்ற குறியீடு உண்டு. சோப்பு உறையைத் திருப்பிப் பாருங்கள், "4 N x 75 g" என்று அச்சடித்திருப்பார்கள். சப்ளையர்கள் அதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்கிறார்கள்.

மொத்தத்துக்கு F2 இல்:

```
=IF(C2="","",IF(B2="",1,B2)*C2*D2*IF(LEFT(LOWER(E2),1)="k",1000,1))
```

B காலியாக இருந்தால் 1 ஆல் பெருக்குகிறது, அலகு k என்று தொடங்கினால் ஆயிரத்தால் பெருக்குகிறது. "10 x 1.5kg" க்கு 15000 வரும். எல்லா வரிகளும் கிராமில் வந்துவிடுவதால் கிலோவும் கிராமும் கலந்த பட்டியலைக் கூட்டும்போது தலைவலி இல்லை.

"500g x 2" என்று தலைகீழாக எழுதுகிறார்களே?

பெருக்கலுக்கு வரிசை ஒரு பொருட்டல்ல, சூத்திரத்துக்குப் பொருட்டு. எடையையும் அலகையும் முன்னால், எண்ணிக்கையைப் பின்னால் வைத்த இரண்டாவது சூத்திரம் ஒன்றை வேறொரு நெடுவரிசையில் எழுதி, முதலாவது காலியாக விட்ட வரிகளுக்கு மட்டும் அதைப் போடுங்கள்:

```
=IFERROR(REGEXEXTRACT(A2,"(?i)(\d+(?:\.\d+)?)\s*(kgs?|grams?|gms?|g)\s*[x×*]\s*(\d+)"),"")
```

இரண்டையும் ஒரே சூத்திரத்தில் திணிக்கலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து அதை உங்களாலேயே படிக்க முடியாது.

பார்ப்பதற்குச் சரியாக எழுதப்பட்ட வரிகள்கூட வெற்றிடமாக வருகின்றன. என் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசமாகத்தான் இருக்கும். இணையப் பக்கத்திலிருந்தோ பிடிஎஃபிலிருந்தோ நகலெடுத்த பட்டியல்களில் சாதாரண இடைவெளிக்குப் பதிலாக, வரி உடையாமல் இருக்கப் போடப்படும் வேறொரு இடைவெளி வந்து உட்கார்ந்திருக்கும். அதன் எழுத்துக் குறியீட்டு எண் 160. TRIM அதை அகற்றாது. ஷீட்ஸின் `\s` அதை இடைவெளியாக ஏற்பதும் இல்லை. சந்தேகமான வரியில் 4 க்கும் x க்கும் இடையில் உள்ள இடைவெளியை அழித்துவிட்டு மறுபடி தட்டுங்கள். உடனே விடை வந்தால் இதுதான் காரணம்.

அடுத்த சாத்தியம், அலகைத் தமிழில் எழுதியிருப்பது. "4 x 125 கிராம்" என்பதை மேலே உள்ள சூத்திரம் அறியாது. அதன் அலகுப் பட்டியலில் "கிராம்" என்று சேர்த்தாலும் பொருந்தாது. ஏனென்றால் `\b` ஆங்கில எழுத்துகளையும் இலக்கங்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கருதுகிறது, தமிழ்ச் சொல் எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே முன்கூட்டியே துப்புரவு செய்துவிடுவது எளிது. ஓர் உதவி நெடுவரிசையில்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(A2,CHAR(160)," "),"கிலோகிராம்","kg"),"கிலோ","kg"),"கிராம்","g")
```

"கிலோகிராம்" முதலில் மாற வேண்டும். அதைக் கடைசிக்குத் தள்ளினால் "kgg" என்ற புது அலகு பிறக்கும். பிறகு REGEXEXTRACT ஐ A2 க்குப் பதில் இந்த நெடுவரிசையின் மேல் ஓட்டுங்கள்.

மற்றபடி "10 x 1/2 kg" போன்ற பின்னங்களும், "6 x 1,200g" என்று காற்புள்ளி போட்ட எண்களும் வெற்றிடமாக வரும். இவை ஒரு பட்டியலில் ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும். வடிகட்டி எடுத்துக் கையாலேயே திருத்திவிடுங்கள்.

"Pack of 4, 400g" என்றால் 1600 கிராமா, 400 கிராமா?

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இது. எந்தச் சூத்திரத்தாலும் விடை சொல்ல முடியாது, ஏனென்றால் விடை அந்த வரியில் இல்லை. "4 x 100g" என்று x போட்டு எழுதினால், இரண்டாவது எண் ஒன்றின் எடை என்று பெரும்பாலும் நம்பலாம். "Pack of 4, 400g" என்று எழுதுகிறவர் கட்டு முழுவதின் எடையையும் சொல்லக்கூடும், ஒன்றின் எடையையும் சொல்லக்கூடும். ஒரே சப்ளையர் இரண்டு விதமாகவும் எழுதுவார். அதனால்தான் "Pack of" வரிகளை மேலே உள்ள சூத்திரத்தில் சேர்க்கவில்லை. அவை தனியே நிற்கட்டும்.

பொருள் கையில் இருந்தால் உறை சொல்லிவிடும். நிகர எடை "4 N x 100 g = 400 g" என்பது போல இருக்கும். அதைவிட விரைவான வழி ஒன்று உண்டு. 2011 ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் 2021 இல் செய்த திருத்தத்தின்படி, அதிகபட்ச சில்லறை விலையோடு ஓர் அலகின் விலையையும் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலம் என்றால் கிராமுக்கு இத்தனை ரூபாய் என்று இருக்கும். விலை ₹160, கிராமுக்கு ₹0.40 என்று இருந்தால் 160 ஐ 0.40 ஆல் வகுங்கள்: 400. கட்டு முழுவதும் 400 கிராம்தான், பெருக்க வேண்டியதில்லை. அலகு விலை அருகிலுள்ள பைசாவுக்கு முழுமையாக்கப்படுவதால் விடை 398 என்றோ 403 என்றோ வரலாம். 400 க்கும் 1600 க்கும் இடையே முடிவு செய்ய அது போதும்.

"3+1 x 100g" போன்ற இலவசச் சலுகைகள்?

சூத்திரம் "1 x 100g" என்பதைப் பிடித்துக்கொண்டு 100 கிராம் என்று சொல்லும். உண்மையில் 400. "3 x 100g + 50g free" என்றால் 300 சொல்லி, இலவசத்தை விட்டுவிடும். இரண்டுமே பிழை காட்டாத தவறுகள். A நெடுவரிசையில் + குறியுள்ள வரிகளை வடிகட்டினால் அத்தனையும் கிடைத்துவிடும். மாதாமாதம் மாறும் சலுகைகளுக்குச் சூத்திரம் எழுதுவது வீண் வேலை; கையால் போடுங்கள்.

எண்ணெய், ஷாம்பு எல்லாம் மில்லிலிட்டரில் இருக்கின்றன. "12 x 1L" ஐ 12,000 கிராம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. தண்ணீருக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டில் 1 லிட்டருக்குப் பக்கத்தில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியானால் பன்னிரண்டு பாக்கெட் 10,920 கிராம், அதாவது ஒரு கிலோவுக்கு மேல் குறைவு. பாக்கெட்டில் உள்ள கிராம் எண்ணை ஒரு தனி நெடுவரிசையில் பதிந்துவைத்துப் பெருக்குங்கள். ஷாம்பு போன்றவற்றில் பெரும்பாலும் கிராம் தரப்பட்டிருக்காது. அவற்றின் மொத்தம் மில்லிலிட்டரிலேயே நிற்கட்டும். மில்லிலிட்டரையும் கிராமையும் ஒரே நெடுவரிசையில் கூட்டாதீர்கள்.

ஆயிரம் வரிகளை எப்படிச் சரிபார்ப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாதே.

விலையைச் சாட்சிக்கு அழையுங்கள். விலையை மொத்தக் கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ விலை வரும். பொருள் வகையையும் கிலோ விலையையும் வைத்து வரிசைப்படுத்துங்கள். ஒரே வகைச் சோப்புகளின் கிலோ விலை ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். பத்து மடங்கு வேறுபடாது. பட்டியலின் இரு முனைகளிலும் தவறுகள் தாமாக வந்து நிற்கும்.

மேலே சொன்ன "24 x 4 x 75g" பெட்டியின் விலை ₹2,880 என்று வைத்துக்கொள்வோம். எடை 7,200 கிராம் என்றால் கிலோ ₹400. 24 தவறிப்போய் 300 கிராம் என்று வந்திருந்தால் கிலோ ₹9,600. பக்கத்து வரிகளில் உள்ள சோப்புகள் ₹400 ஐ ஒட்டியே இருக்கின்றன என்றால், 9,600 ஐ 400 ஆல் வகுத்துப் பாருங்கள்: 24. எந்த எண் காணாமல் போனது என்பதை அந்த விகிதமே சொல்லிவிடுகிறது.

இந்த விகிதத்தைப் படிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கிலோ விலை ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பிசகினால் kg, g குழப்பம். வரியில் உள்ள ஓர் எண்ணின் மடங்காக ஏறியிருந்தால் அந்த எண் பெருக்கலில் விடுபட்டிருக்கிறது. அதே எண்ணின் மடங்காக இறங்கியிருந்தால், ஏற்கெனவே மொத்தமாக இருந்த எடையை மறுபடி பெருக்கியிருக்கிறீர்கள். "Pack of 4, 400g" என்பதை 1600 ஆக்கினால் கிலோ விலை நான்கில் ஒரு பங்காகத் தெரியும். விகிதம் எந்த எண்ணோடும் ஒட்டாமல், ஒன்றரை மடங்கு இரண்டேகால் மடங்கு என்று இருந்தால் கணக்கில் தவறு இல்லை, பொருளே விலை கூடியது. பெட்டி விலையையும் பாக்கெட் விலையையும் ஒரே நெடுவரிசையில் கலந்து எழுதும் சப்ளையர்களிடம் மட்டும் கவனமாக இருங்கள்: அங்கே எடை சரியாக இருந்தாலும் விகிதம் 24 என்று காட்டும்.

எங்கள் கடைக் கணினியில் பழைய எக்செல்தான் இருக்கிறது. அதில் REGEXEXTRACT இல்லை.

மைக்ரோசாஃப்ட் 365 இன் புதிய எக்செல்லில் இருக்கிறது. அங்கே மூன்றாவது இடத்தில் 2 என்று கொடுத்தால்தான் அடைப்புக்குறிப் பகுதிகள் தனித்தனிக் கட்டங்களில் வரும். எக்செல் 2013 முதல் உள்ள பதிப்புகளில் வேறு வழி: பக்கத்து நெடுவரிசையில் முதல் சில வரிகளுக்கு "4x125" என்று நீங்களே தட்டி, பிறகு Ctrl+E அழுத்துங்கள். மீதியை எக்செல் ஊகித்து நிரப்பும். அதன் பிறகு பெயரில் உள்ள x தொல்லை கிடையாது:

```
=LEFT(B2,FIND("x",B2)-1)*MID(B2,FIND("x",B2)+1,10)
```

இது ஊகம் என்பதை மறக்க வேண்டாம். மூன்று எண் வரிகளிலும் கிலோ வரிகளிலும் தடுமாறும், ஆகவே அவற்றைத் தனித்தாளில் பிரித்துவிட்டுச் செய்யுங்கள். அடுத்த மாதப் பட்டியலை ஒட்டினால் தானாகப் புதுப்பிக்கவும் செய்யாது. இலவசமான கூகுள் ஷீட்ஸில் பட்டியலை ஏற்றி எடையை எடுத்து, மதிப்புகளாக மட்டும் எக்செல்லுக்குக் கொண்டுவருவது எனக்கு இதைவிடப் பிடித்த வழி.

வந்த மொத்தத்தை வைத்து லாரி வாடகை பேசலாமா?

இது உள்ளே இருக்கும் பொருளின் நிகர எடை. உறை, அட்டைப் பெட்டி, கண்ணாடிப் பாட்டில் எதுவும் இதில் இல்லை. சோப்புப் பெட்டிக்கு வித்தியாசம் சிறிதாக இருக்கும். ஊறுகாய்ப் பாட்டிலுக்கு அப்படி இல்லை. வாடகைக்கு ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டியைத் தராசில் வைத்து எடுத்த எடையைத் தனி நெடுவரிசையில் பதிந்து, அதைப் பெட்டிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள்.